படத்தில் இல்லாத முகவரி

சிறுபோகத்துப் பெரிய வெங்காயம் கிளம்பும் காலத்தில் கலேவெலயில் கணக்கு எழுதும் வேலையும் கூடிவிடும். குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியில் இருக்கும் இந்த ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த விவசாயிகள் சாக்குகளில் கட்டிக் கொண்டுவரும் வெங்காயத்தை ஒருவர் நிறுத்து வாங்குகிறார். பிறகு அது லொறியில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ கொழும்புக்கோ போகிறது. யாரிடம் எத்தனை சாக்கு, எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, அன்றைய விலை என்ன, கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதெல்லாம் முன்பு கொப்பியில் இருந்தன. இப்போது பலரிடம் அவை எக்செல் தாளில் இருக்கின்றன. தாளைத் தொடங்கிக் கொடுத்தவர் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். அவர் வேலைக்கு வெளியூர் போன பிறகு, தொகை நிரல் பாதியில் நிற்கும். அப்போதுதான் கணினி தெரிந்த ஒருவருடைய வட்ஸ்அப்புக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்து சேரும். கீழே ஒரே வரி: "தம்பி, இதுக்கு ஃபோர்முலா எழுதித் தாங்கோ."

அப்படி வரும் படங்களின் மாதிரியாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இதில் உள்ள சிக்கல்கள் எல்லாம் உண்மையான தாள்களில் வருபவைதான். படத்தின் இடப்பக்கத்தில் திகதி, பெயர் என்று இரண்டு நிரல்கள். அவற்றுக்கு வலப்பக்கத்தில் இப்படி:

```
சாக்கு   கிலோ   கழிவு   விலை   தொகை
12       600    12      180    105,840.00
7        364    7       175    62,426.00
9        455    9       180
10       507    10      178
```

படத்தை அனுப்பியவர் தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார். அதனால் மேலே A, B, C என்று ஓடும் எழுத்துப் பட்டையும், இடப்பக்க விளிம்பில் 1, 2, 3 என்று இறங்கும் எண்களும் படத்தில் இல்லை. அவருடைய கண்ணுக்கு அவை அலங்காரம். தாளில் உள்ள விஷயம் முழுவதும் படத்தில் இருக்கிறது என்றே அவர் நினைக்கிறார்.

பார்க்கும்போது வேலை சுலபமாகத் தெரிகிறது. கிலோவில் கழிவைக் கழித்து விலையால் பெருக்கினால் தொகை. திகதி நிரல் A என்றால், பெயர் B, சாக்கு C, கிலோ D, கழிவு E, விலை F, தொகை G. தலைப்பு முதல் வரியில் என்றால் முதல் விவசாயி இரண்டாம் வரியில் இருக்கிறார். ஆகவே மூன்றாவது விவசாயியின் வெற்றுக் கலத்துக்கு உரிய சூத்திரம்:

```
=(D4-E4)*F4
```

பெரும்பாலானோர் இதை உடனே அனுப்பிவிடுவார்கள். கணக்கு முறையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சூத்திரத்தில் கிலோவும் இல்லை, கழிவும் இல்லை, விலையும் இல்லை. D4, E4, F4 என்று மூன்று முகவரிகள் மட்டுமே இருக்கின்றன. டான் பிரிக்ளினும் பொப் ஃபிராங்ஸ்டனும் அப்பிள் II கணினிக்காகச் செய்த விசிகால்க் 1979இல் வெளிவந்தபோதே, நிரலுக்கு எழுத்து, வரிக்கு எண் என்ற முறை அதில் இருந்தது. சூத்திரம் அந்த இடத்துக்குப் போய், அங்கே இருப்பதை எடுத்துவரும். அங்கே இருப்பது கிலோவா, சாக்கா, தொலைபேசி இலக்கமா என்று அது பார்க்காது. படமோ இருப்பதை எல்லாம் காட்டிவிட்டு, எங்கே இருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டது.

இந்த ஊகம் இரண்டு விதமாகப் பிழைக்கலாம். அவற்றில் ஒன்று உடனே தெரிந்துவிடும்.

படத்தில் வெட்டப்பட்ட இடப்பக்கத்தில் தொடரிலக்கம் என்று ஒரு நிரல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எல்லாமே ஒரு எழுத்து வலப்பக்கம் நகர்ந்துவிடும். D என்று நாம் நினைத்த கிலோ உண்மையில் E. D-யில் இருப்பது சாக்கு. முதல் விவசாயியின் வரியில் இதே அமைப்பைப் போட்டால், 12 சாக்கிலிருந்து 600 கிலோவைக் கழித்து 12 கிலோ கழிவால் பெருக்கும். விடை -7,056. கழித்தல் குறியைப் பார்த்ததும் யாருக்கும் தெரிந்துவிடும், ஏதோ பிசகிவிட்டது என்று. சூத்திரம் பெயர் நிரலில் கை வைத்திருந்தால் `#VALUE!` என்று கத்தியிருக்கும். இப்படிப்பட்ட பிழைகள் நல்ல பிழைகள். பணம் கைமாறுவதற்கு முன் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன.

வரி எண் பிசகினால் கதை வேறு. தாளின் மேல் வரியில் கடைப் பெயர், அதற்குக் கீழே ஒரு வெற்று வரி, மூன்றாம் வரியில்தான் தலைப்பு என்று இருக்கட்டும். இது மிகச் சாதாரணமாக நடப்பது. கடைப் பெயரைப் பெரிதாக எழுதாத தாளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அப்போது முதல் விவசாயி நான்காம் வரியில், மூன்றாவது விவசாயி ஆறாம் வரியில் இருக்கிறார். நாம் அனுப்பிய `=(D4-E4)*F4` என்பதை அவர் தன் வெற்றுக் கலமான G6-இல் ஒட்டுகிறார். நிரல்கள் சரியாக இருப்பதால் கூச்சலும் இல்லை, கழித்தல் குறியும் இல்லை. 105,840.00 என்று அழகாக ஒரு தொகை வந்து உட்காருகிறது. அது முதல் விவசாயியின் தொகை. மூன்றாமவருக்கு உண்மையில் சேர வேண்டியது 80,262 ரூபாய். அவர் 25,578 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவார். கலத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் நான்காமவருக்கு இரண்டாமவரின் 62,426 வரும். அவருக்குச் சேர வேண்டியது 88,441 ரூபாயும் சில சதமும். ஏறக்குறைய 26,000 ரூபாய் அவர் கையிலிருந்து போய்விடும்.

600 கிலோவுக்கும் 455 கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தை நிதானமாக இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். லொறி காத்து நிற்கும்போது, விவசாயிகள் வரிசையில் நிற்கும்போது, அந்த நிதானம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவு கொண்டுவந்த நாளில் நிதானமும் உதவாது. இந்தப் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. மேலே இருக்கும் ஒரு தொகை கீழே இன்னொருவருக்கு எதிரில் சதம்கூட மாறாமல் திரும்ப வரும். 105,840 இரண்டு தடவை தெரிந்தால் வேறெதையும் பார்ப்பதற்கு முன் வரி எண்களைப் பார்க்க வேண்டும்.

முகவரியை இத்துடன் நிறுத்திவிட்டு, படத்தில் இருக்கும் எண்களுக்கு வருவோம். அவை சொல்வதும் முழு உண்மை அல்ல. ஆனால் பொறுமையாகக் கேட்டால், மறைத்ததை அவையே சொல்லிவிடும்.

தொகை நிரலில் ஏற்கெனவே இரண்டு விடைகள் இருக்கின்றன. சூத்திரம் எழுதுமுன் அவற்றைக் கையால் சரிபார்ப்பது நல்லது. முதல் வரி: 600-இல் 12 போனால் 588. 180-ஆல் பெருக்கினால் 105,840. பொருந்துகிறது. இரண்டாம் வரி: 364-இல் 7 போனால் 357. 175-ஆல் பெருக்கினால் 62,475. படத்தில் இருப்பதோ 62,426. 49 ரூபாய் குறைகிறது.

இந்த 49 ரூபாயைச் சில்லறை என்று விட்டுவிடக் கூடாது. இந்தப் படத்தில் இருக்கும் மிகப் பயனுள்ள தகவல் அதுதான். ஒரு விளக்கம் உடனே மனதில் வரும். ஏழு சாக்கு, சாக்குக்கு ஏழு ரூபாய் ஏற்றுகூலி, ஆக 49. கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அப்படியானால் முதல் வரியில் 12 சாக்குக்கு 84 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். அங்கே ஒரு சதமும் குறையவில்லை. ஆகவே கூலி அல்ல. அடுத்ததாக 49-ஐ விலையால் வகுத்துப் பார்க்கலாம். 49-ஐ 175-ஆல் வகுத்தால் 0.28. அதாவது விடுபட்டது 0.28 கிலோ. கழிவு 7 அல்ல, 7.28. அது 364-இன் சரியாக இரண்டு சதவீதம்.

இப்போது எல்லாம் இடத்தில் விழுகிறது. கழிவு நிரலில் யாரோ கிலோவில் இரண்டு சதவீதம் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். தசமம் காட்ட வேண்டாம் என்று கலத்தின் தோற்றத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தோற்றத்தை மாற்றினால் உள்ளே இருக்கும் எண் மாறாது. திரையில் 7, கலத்துக்குள் 7.28. சூத்திரம் எடுப்பது உள்ளே இருப்பதை. முதல் வரியில் 600-இன் இரண்டு சதவீதம் சரியாக 12. அங்கே மறைக்க ஒன்றும் இல்லாததால் அந்த வரி எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இன்னொரு பிழையும் நடந்திருக்கும். 12 சாக்கு, கழிவு 12. சாக்குக்கு ஒரு கிலோ கழிவு என்று யாரும் நினைப்பார்கள். சாக்கு ஒன்று சரியாக 50 கிலோவாக இருக்கும்வரை சாக்குக்கு ஒரு கிலோ என்பதும் நூற்றுக்கு இரண்டு என்பதும் ஒரே விடையைத் தரும். திரையில் தசமத்தை மறைத்துவிட்டால், 7 சாக்குக்கு 7, 9 சாக்குக்கு 9, 10 சாக்குக்கு 10 என்று நான்கு வரிகளும் சாக்குக் கணக்கையே ஆமோதிக்கும். கழிவு நிரலை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் உண்மை தெரியாது. பக்கத்துத் தொகை நிரலோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். படத்தைப் படிப்பதில் என் முதல் விதி இது: ஏற்கெனவே விடை உள்ள வரிகளில் குறைந்தது இரண்டையாவது, முடிந்தால் உருண்டையான எண்கள் இல்லாத வரிகளை, கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமும் இருக்கிறது. துண்டில் 364, 7, 175, 62,426 என்று எழுதிக் கொடுத்தால், விவசாயி வீட்டில் மகளிடம் கொடுத்துப் பெருக்கிப் பார்ப்பார். 49 ரூபாய் குறைகிறது என்று அடுத்த நாள் வந்து நிற்பார். அவர் கேட்பது நியாயம். எழுதியிருப்பது 7 என்றால் கழிக்க வேண்டியதும் 7. இதைத் தீர்க்க வேண்டியவர் வியாபாரி. தசமத்தோடு கழிப்பதென்றால் துண்டிலும் 7.28 என்று காட்ட வேண்டும். முழுக் கிலோவாகக் கழிப்பதென்றால், தோற்றத்தை மாற்றுவதற்குப் பதில் எண்ணையே முழுமையாக்க வேண்டும். கிலோ D நிரலில், அந்த விவசாயி மூன்றாம் வரியில் என்றால், கழிவுக் கலத்தில் இப்படி:

```
=ROUND(D3*2%,0)
```

இதில் உள்ளே இருப்பதும் 7, வெளியே தெரிவதும் 7. தொகை 62,475 ஆகும், கையால் பெருக்கினாலும் அதுவே வரும். எது சரி என்று சூத்திரம் எழுதுபவர் தீர்மானிக்க முடியாது. ஆனால் இப்படி ஒரு தெரிவு இருக்கிறது என்று சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் அனுப்புவது பாதி வேலை.

சரி, முகவரி தெரியாதபோது சூத்திரத்தை எப்படித்தான் எழுதுவது? இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. தொகைக்கான சூத்திரத்துக்கு உண்மையில் முகவரி தேவையே இல்லை. G4-இல் இருந்துகொண்டு D4 என்று எழுதும்போது எக்செல் அதை "இதே வரியில், எனக்கு மூன்று கலம் இடப்பக்கம்" என்றே வைத்துக்கொள்கிறது. கீழே இழுத்தால் எண்கள் தாமாக மாறுவது அதனால்தான். 1982இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட மல்டிபிளான் இந்த உறவையே வெளிப்படையாக எழுதும் முறையைக் கொண்டிருந்தது. எக்செலிலும் அது இன்றுவரை இருக்கிறது. விருப்பங்களில் போய் அந்த முறையை இயக்கினால், நம் சூத்திரம் எல்லா வரிகளுக்கும் ஒரே வடிவத்தில் இருக்கும்:

```
=(RC[-3]-RC[-2])*RC[-1]
```

R என்றால் இதே வரி. C[-3] என்றால் மூன்று நிரல் இடப்பக்கம். தாள் A-யில் தொடங்கினாலும் K-யில் தொடங்கினாலும், தலைப்பு முதல் வரியில் இருந்தாலும் பத்தாம் வரியில் இருந்தாலும் இது மாறாது. வெட்டிய படத்திலும் இந்த உறவு அப்படியே தெரிகிறது. தொகைக்கு ஒரு கட்டம் இடப்பக்கம் விலை, இரண்டு கட்டம் கழிவு, மூன்று கட்டம் கிலோ. ஒரே ஒரு நிபந்தனை, இடையில் மறைத்து வைத்த நிரல் ஏதும் இருக்கக் கூடாது. அது இருந்தால் எழுத்துப் பட்டையில் E-க்கு அடுத்து G என்று தாவும். வெட்டிய படத்தில் அந்தத் தாவலும் தெரியாது.

கலேவெலயில் கடைக்காரர் ஒருவரிடம் எக்செல் விருப்பங்களைத் திறந்து முறையை மாற்றச் சொல்வது நடைமுறை அல்ல. மேலே உள்ள எழுத்துகளெல்லாம் எண்களாக மாறித் தெரிய, அவர் பயந்துபோவார். அதே உறவைக் கையால் சொல்லிக் கொடுப்பதுதான் நல்ல வழி. "முதல் வெற்றுத் தொகைக் கட்டத்தைத் தொடுங்கோ. = போடுங்கோ, அடைப்புக்குறியைத் திறவுங்கோ. அதே வரியில் உள்ள கிலோவைத் தொடுங்கோ. கழித்தல் போட்டு, கழிவைத் தொடுங்கோ. அடைப்புக்குறியை மூடி, பெருக்கல் குறி போட்டு, விலையைத் தொட்டு, என்டர்." முகவரியை எக்செலே எழுதிக்கொள்ளும். நாம் ஊகிக்க வேண்டியதில்லை. மறைந்த நிரல் இருந்தாலும் இது பிழைக்காது. கைபேசியில் உள்ள எக்செலிலும் இதே முறை வேலை செய்யும். சூத்திரத்தை ஒட்டி அனுப்புவதைவிட இப்படி ஒரு குரல் பதிவு அனுப்புவது எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அது தாள் நீளமாகிக்கொண்டே போகும் வியாபாரிக்கு ஏற்றது. பட்டியலுக்குள் ஒரு கலத்தைத் தொட்டு Ctrl+T அழுத்தினால், எக்செல் அதை அட்டவணை என்று ஏற்றுக்கொள்ளும். அதன்பின் சூத்திரத்தில் முகவரிக்குப் பதில் தலைப்பையே எழுதலாம்:

```
=([@[கிலோ]]-[@[கழிவு]])*[@[விலை]]
```

இதைப் படிக்கும்போதே என்ன செய்கிறது என்று தெரிகிறது. புதிய விவசாயியை அடுத்த வரியில் எழுதியதும் தொகை தானாக வரும். தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் கண்டிப்பு. தலைப்பில் கிலோ என்பதற்குப் பின் ஒரு வெற்றிடம் தட்டப்பட்டிருந்தாலும் சூத்திரம் ஏற்கப்படாது. அந்த வெற்றிடமும் படத்தில் தெரியாத ஒன்று. இங்கேயும் தட்டி எழுதாமல் கலங்களைத் தொட்டுத் தெரிவுசெய்தால் எக்செல் சரியான தலைப்பைத் தானே போட்டுக்கொள்ளும்.

வரிக்குள் நடக்கும் கணக்குக்கு இப்படித் தப்பிக்கலாம். ஆனால் அடுத்த செய்தியாக "மொத்தம் எவ்வளவு என்டும் வரவேணும்" என்று வரும்போது முகவரியிலிருந்து தப்ப வழியில்லை. கூட்டுத்தொகைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வேண்டும். படத்தில் நான்கு வரிகள் தெரிகின்றன. தாளில் நாற்பது இருக்கலாம், நானூறு இருக்கலாம்.

தொடக்கமும் முடிவும் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2010இல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகொஃப் என்ற இரு பொருளியலாளர்கள், நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி வீழ்ந்துவிடும் என்று ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த நிலையில் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் என்பது அவர்களின் எண். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் அமெர்ஸ்ட் வளாகத்தில் படித்த தோமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்த்தார். வெளியில் கிடைத்த தரவை வைத்து எத்தனை முயன்றும் அந்த விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டு, அவர்கள் பயன்படுத்திய தாளை வாங்கித் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. சராசரி எடுத்த சூத்திரம் L நிரலில் 30ஆம் வரியிலிருந்து 49ஆம் வரிவரை போயிருக்க வேண்டும். அது 44ஆம் வரியிலேயே நின்றுவிட்டது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்குக்கு வெளியே கிடந்தன.

2013 ஏப்ரலில் ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் மைக்கல் ஆஷ், ரொபர்ட் பொலின் இருவரும் திருத்திய எண்ணை வெளியிட்டார்கள். -0.1 அல்ல, 2.2 சதவீதம். இந்த வித்தியாசம் முழுவதும் சூத்திரத்தால் வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சூத்திரப் பிழையின் பங்கு 0.3 புள்ளி அளவுதான். சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும் நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும்தான் பெரிய காரணங்கள். சூத்திரப் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள், மற்றவற்றில் வாதாடினார்கள். நமக்கு இங்கே முக்கியமானது வேறு. அச்சிட்ட அட்டவணையை எத்தனை பேர் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள்! அதில் அந்தப் பிழை தெரிந்திருக்கவே முடியாது. கலத்தைத் தொட்டு, அதற்குள் இருக்கும் முகவரிகளைப் படித்த ஒருவருக்கே அது தெரிந்தது.

நம் வெங்காயத் தாளுக்கு வந்தால், `=SUM(G2:G5)` என்று படத்தை நம்பி எழுதுவது இதே பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும். அடுத்த நாள் வரும் விவசாயி கூட்டலில் சேரமாட்டார். மொத்தத்தைத் தொகை நிரலில் வைக்காமல் பக்கத்தில் வேறு நிரலில் வைத்து, `=SUM(G:G)` என்று நிரல் முழுவதையும் கூட்டினால் முடிவைப் பற்றிய கவலை இல்லை. தலைப்பில் உள்ள எழுத்தை SUM பொருட்படுத்தாது. ஆனால் அந்த மொத்தத்தை அதே G நிரலின் அடியில் வைத்தால், அது தன்னையே கூட்டப் பார்க்கும். எக்செல் சுழல் குறிப்பு என்று எச்சரிக்கும்.

SUM-க்கு இன்னொரு குணம் இருக்கிறது. எண்போலத் தெரியும் எழுத்தை அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். வேறு செயலியிலிருந்தோ செய்தியிலிருந்தோ ஒட்டிய எண்கள் சில வேளை எழுத்தாகவே கலத்தில் தங்கிவிடும். கழித்தலும் பெருக்கலும் அவற்றை எண்ணாக மாற்றிக்கொள்ளும், அதனால் வரிக்குரிய தொகை சரியாக வரும். கிலோ நிரலை SUM கொண்டு கூட்டும்போதோ அந்தக் கிலோக்கள் மட்டும் காணாமல் போகும். தாராளமாக நடக்கக்கூடிய இந்தப் பிழைக்குப் படத்திலேயே ஒரு குறிப்பு உண்டு. யாரும் ஒழுங்கை மாற்றாவிட்டால், எண் கலத்தின் வலப்பக்க விளிம்பில் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கத்தில் நிற்கும். ஒரு நிரலில் ஒன்றிரண்டு எண்கள் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால், அல்லது கலத்தின் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரிந்தால், கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது.

அனுப்புபவரிடம் என்ன கேட்பது? முழுக் கோப்பையும் அனுப்பச் சொல்வது எளிது. ஆனால் அதில் விவசாயிகளின் பெயர், தொலைபேசி இலக்கம், சிலவேளை வங்கிக் கணக்கு இலக்கம்கூட இருக்கும். அவை வெளியே போகத் தேவையில்லை. வெட்டாத ஒரு படமே போதும், அதுவும் விடை ஏற்கெனவே உள்ள ஒரு தொகைக் கலத்தைத் தொட்டுவிட்டு எடுத்த படம். அப்படி எடுத்தால் எழுத்துப் பட்டை தெரியும், வரி எண்கள் தெரியும். மேலே இடப்பக்கச் சிறு பெட்டியில் G5 என்று அந்தக் கலத்தின் முகவரி தெரியும். அதன் பக்கத்து நீளமான பட்டியில் கலத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். பெரும்பாலும் பழைய சூத்திரம் அங்கேயே இருக்கும். அதைக் கீழே இழுத்தாலே வேலை முடிந்தது, புதிதாக எழுத ஒன்றும் இல்லை. கழிவுக் கலத்தைத் தொட்டு இன்னொரு படம் எடுத்தால் 7-க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் வெளிப்படும். கணினியில் என்றால் Ctrl-ஐ அழுத்திக்கொண்டு, எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள சாய்ந்த குறியை அழுத்தினால், தாள் முழுவதும் விடைகளுக்குப் பதில் சூத்திரங்களைக் காட்டும். அதைப் படம் எடுத்து அனுப்பலாம். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

அவருக்கு அவசரம், இன்னொரு படம் எடுக்க நேரமில்லை என்றால், ஊகத்தை ஊகம் என்று எழுதியே சூத்திரத்தை அனுப்பலாம். அதோடு அவர் சரிபார்க்கவும் இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட இப்படி: "ஐயா, கிலோ D, கழிவு E, விலை F என்றும், முதல் ஆளின் பெயர் இரண்டாம் வரியில் என்றும் நினைத்து எழுதியிருக்கிறேன். எழுத்தோ வரி எண்ணோ வேறாக இருந்தால் சொல்லுங்கோ. முதலில் தாளின் ஓரத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தில் `=(D2-E2)*F2` என்று போட்டுப் பாருங்கோ. 105,840 வரவேணும். அடுத்த கட்டத்தில் `=(D3-E3)*F3`. 62,426 வரவேணும். இரண்டும் சரியாக வந்தால்தான் மூன்றாவது ஆளின் தொகைக் கட்டத்தில் `=(D4-E4)*F4` என்று போட்டுக் கீழே இழுங்கோ."

விடை தெரிந்த வரிகளில் முதலில் ஓடவிடுவதால் பிழை எந்த இடத்தில் என்பதும் விடையிலேயே தெரிந்துவிடும். -7,056 என்று வந்தால் இடப்பக்கம் ஒரு நிரல் வெட்டுப்பட்டிருக்கிறது. `#VALUE!` வந்தால் சூத்திரம் எழுத்துள்ள ஒரு கலத்தில் கை வைத்திருக்கிறது. அது தலைப்பு வரியாக இருக்கலாம். 0 வந்தால் அது வெற்று வரியில் விழுந்திருக்கிறது. முதலாவது 105,840 சரியாக வந்து, இரண்டாவது 62,475 என்று வந்தால் முகவரிகள் எல்லாம் சரி. கழிவுக் கலத்தில் யாரோ 7 என்று கையால் தட்டியிருக்கிறார்கள், பழைய தொகை மட்டும் 7.28-ஐக் கழித்த காலத்து எண்ணாக அப்படியே நிற்கிறது. அப்போது சூத்திரத்தைத் திருத்த வேண்டியதில்லை. அந்த விவசாயிக்கு 49 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று வியாபாரியிடம் கேட்க வேண்டும்.